ஒரே ஆள், இரண்டு நாட்டு வரி: வசிப்பு நிலை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருமான வரியில் "எங்கே சம்பாதித்தாய்" என்ற கேள்விக்கு முன்னால் "எங்கே வசிக்கிறாய்" என்ற கேள்வி நிற்கிறது. வெளிநாடு போகிறவர்களும் வந்து போகிறவர்களும் இடறுவது இங்கேதான். எல்லா நாட்டுச் சட்டத்தையும் ஒரே பக்கத்தில் அடைக்க முடியாது என்பதால், இந்தியா–பிரிட்டன் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறேன். என் மேசைக்கு அதிகம் வரும் கேள்விகளும் இவைதான்.

நான் இந்தியக் குடிமகன், இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறேன். அப்படியானால் இந்தியாவுக்குத்தானே வரி கட்ட வேண்டும்?

பாஸ்போர்ட் அதைத் தீர்மானிப்பதில்லை. குடிமகன் என்பதற்காகவே, உலகின் எந்த மூலையில் வசித்தாலும் வரி கேட்கும் பெரிய நாடு அமெரிக்கா ஒன்றுதான். இந்தியாவும் பிரிட்டனும் பார்ப்பது வசிப்பு நிலையை: அந்த வரி ஆண்டில் நீங்கள் அந்த நாட்டில் "வசிப்பவரா", "வசிக்காதவரா" என்பதை.

வசிப்பவர் என்றால் உலகத்தில் எங்கே வந்த வருமானமும் கணக்கில் சேரும். வசிக்காதவர் என்றால் அந்த நாட்டுக்குள் விளைந்த வருமானத்துக்கு மட்டும் வரி. இந்த நிலை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பார்க்கப்படும். போன வருடம் என்.ஆர்.ஐ. என்பதால் இந்த வருடமும் என்.ஆர்.ஐ. என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

குடியுரிமைக்கு இந்தியச் சட்டத்தில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வேலை உண்டு. அவை கீழே வரும்.

ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் எப்படி வசிக்க முடியும்? ஒரு நாட்டில் 183 நாள் இருந்தால் இன்னொரு நாட்டில் 182 நாள்தானே மிஞ்சும்?

இரண்டு நாடும் ஒரே தராசில் நிறுத்தினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் சட்டமன்றத்தில் தனக்கென்று ஒரு தராசு செய்துகொண்டது. அடுத்த நாடு எப்படி நிறுக்கிறது என்று எட்டிப் பார்த்து எழுதிய சட்டங்கள் அல்ல இவை.

முதலில் ஆண்டே வேறு. இந்தியாவுக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பிரிட்டனுக்கு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. அமெரிக்கா, சிங்கப்பூர் போன்றவற்றுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அடுத்து, நாள் எண்ணும் விதம் வேறு. அதற்கும் மேலாக, நாள் கணக்கு ஒன்றே அளவுகோல் அல்ல. வீடு, மனைவி மக்கள், வேலை எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து, 183 நாள் தேறாதவரையும் பிரிட்டன் தன்னிடம் வசிப்பவர் என்று சொல்லிவிடும். இந்தியாவோ 60 நாளிலேயே பிடிக்கும் விதி ஒன்றை வைத்திருக்கிறது. இத்தனை வலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்திருக்கும்போது ஒரே மீன் இரண்டில் சிக்குவதில் வியப்பில்லை.

இந்தியாவின் விதி என்ன? 182, 120, 60 என்று மூன்று எண்கள் சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது.

வருமான வரிச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே எண்தான், அதன் இடத்துக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே எண்தான்.

அடிப்படை எளிது. ஓர் ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் வசிப்பவர். அது இல்லாவிட்டாலும், அந்த ஆண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தால் வசிப்பவர்.

60 நாள் விதியை அப்படியே விட்டால், வேலைக்கு வெளிநாடு கிளம்பும் யாரும் தப்ப முடியாது. முந்தைய நான்கு ஆண்டும் ஊரில்தானே இருந்திருப்பார்கள். அதனால் வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கு, கிளம்பும் ஆண்டில், 60 என்பது 182 ஆக மாறும். வெளிநாட்டில் வசித்துக்கொண்டு ஊருக்கு வந்து போகும் இந்தியக் குடிமக்களுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அப்படியே 182. ஆனால் இந்த வந்து போகிறவர்களுக்கு, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக ஆண்டு வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், 182 என்பது 120 ஆகச் சுருங்கும்.

120 நாளில் மாட்டியவர் முழு வசிப்பவர் ஆகிவிடுவதில்லை. "வசிப்பவர், ஆனால் வழக்கமாக வசிப்பவர் அல்லர்" என்ற இடைப்பட்ட வகையில் நிற்பார். ஆடிட்டர்கள் ஆர்.என்.ஓ.ஆர். என்று சொல்வது இதைத்தான். இவரது வெளிநாட்டுச் சம்பளத்தை இந்தியா தொடாது. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து திரும்பி வருகிறவர்களும் முதல் ஓரிரு ஆண்டுகள் இந்த வகையில்தான் இருப்பார்கள்: முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வசிக்காதவராக இருந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது 729 நாளுக்குள் அடங்க வேண்டும்.

பிரிட்டனில் 183 நாளுக்குக் குறைவாக இருந்துவிட்டால் தப்பித்துவிடலாமா?

என்னிடம் வந்த பலரும் இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். 183 நாள் இருந்தால் நிச்சயம் வசிப்பவர் என்பது உண்மை. அதற்குக் குறைந்தால் வசிக்காதவர் என்பது உண்மை அல்ல.

2013 ஏப்ரல் 6 முதல் பிரிட்டனில் இதற்கென்று சட்டமே இருக்கிறது. அதைப் படிக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் படியில், நீங்கள் உறுதியாக வெளியாள்தானா என்று பார்ப்பார்கள். முந்தைய மூன்று வரி ஆண்டுகளிலும் அங்கே வசிப்பவராக இல்லாத ஒருவர் 46 நாளுக்குக் குறைவாக இருந்தால் வெளியாள். அந்த மூன்றில் ஓர் ஆண்டாவது வசிப்பவராக இருந்தவருக்கு 16 நாளுக்குக் குறைவாக இருந்தால்தான் அந்தப் பெயர். இரண்டாம் படியில், உறுதியாக உள்ளாளா என்று பார்ப்பார்கள்: 183 நாள், அல்லது வீடு என்று சொல்ல அங்கே மட்டும்தான் இருக்கிறது, அல்லது 365 நாள் நீளும் முழுநேர வேலை அங்கே.

இரண்டிலும் சேராதவர்கள் மூன்றாம் படிக்கு வருவார்கள். இங்கே பிணைப்புகளை எண்ணுவார்கள். கணவனோ மனைவியோ 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையோ அங்கே வசிப்பவரா? தங்குவதற்கு இடம் இருக்கிறதா? 40 நாளாவது அங்கே வேலை பார்த்தீர்களா? முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஏதாவது ஒன்றில் 90 நாளுக்கு மேல் அங்கே இருந்தீர்களா? நாள் கூடக் கூட, உங்களைப் பிடிக்கத் தேவையான பிணைப்புகளின் எண்ணிக்கை குறையும். புதிதாக வருகிறவருக்கு 46 முதல் 90 நாள் வரை நான்கும் வேண்டும், 91 முதல் 120 வரை மூன்று, 121 முதல் 182 வரை இரண்டே போதும். ஏற்கெனவே அங்கே வசித்து வெளியேறியவருக்கு அளவு இன்னும் கடுமை. அவருக்கு ஐந்தாவதாக ஒரு பிணைப்பும் சேரும்: மற்ற எந்த நாட்டையும்விடப் பிரிட்டனில் அதிக நாள் இருந்தாரா என்பது.

என் பெற்றோர் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருடம் ஐந்து மாதம் லண்டன் வருகிறார்கள். வருகையாளர் விசாதான். அவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். விசா தருவது ஒரு துறை, வரி கேட்பது இன்னொரு துறை. ஒன்றின் முத்திரை மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது.

ஒவ்வொரு பிரிட்டன் வரி ஆண்டிலும் 150 இரவுகள் மகன் வீட்டில் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் அவர்களுக்கு ஒரே பிணைப்புதான்: தங்குமிடம். நெருங்கிய உறவினர் வீடாக இருந்தால், அது தொடர்ந்து 91 நாளாவது அவர்களுக்காகத் திறந்திருந்து, 16 இரவாவது அங்கே தங்கியிருந்தால் பிணைப்பாகக் கொள்ளப்படும். வளர்ந்த மகன் குடும்பப் பிணைப்பில் சேர மாட்டார். 121 முதல் 182 நாள் வரை இரண்டு பிணைப்பு வேண்டும் என்பதால் முதல் ஆண்டு தப்பித்தார்கள்.

இரண்டாம் ஆண்டு அதே 150 இரவுகள், அதே அறை, அதே தொட்டில். ஆனால் முந்தைய ஆண்டில் 90 நாளைத் தாண்டியது இப்போது இரண்டாவது பிணைப்பாக வந்து உட்காரும். இருவரும் பிரிட்டனில் வசிப்பவர்கள் ஆகிவிட்டார்கள். மீதி ஏழு மாதம் ஊரில் இருந்ததால் இந்தியாவிலும் வசிப்பவர்கள். இரண்டு நாட்டில் வசிப்பவர் என்றதும் நமக்குத் தோன்றுவது விமானத்திலேயே வாழும் தொழிலதிபர். நடப்பில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியரும் அவர் மனைவியும்தான் அந்த நிலைக்கு வந்து சேர்கிறார்கள், அதுவும் தமக்கே தெரியாமல்.

இவர்கள் கதை நல்லபடியாகத்தான் முடியும். இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி பார்த்தால், அவர்களுடைய சொந்த வீடு, உறவுகள், ஓய்வூதியம், வங்கிக் கணக்கு எல்லாம் இந்தியாவில் இருப்பதால் முடிவு இந்தியாவின் பக்கம் சாயும். ஆனால் அது தானாக நடந்துவிடாது. பிரிட்டன் வருவாய்த் துறையிடம் உரிமை கோரினால்தான் கிடைக்கும். 120 இரவுக்குள் நிறுத்திக்கொண்டால் மூன்று பிணைப்பு தேவைப்படும், சிக்கலே எழாது. பயணச்சீட்டு போடும்போதே பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

நாட்களை எப்படி எண்ணுவது? வந்த நாள், போன நாள் சேருமா?

பிரிட்டன் நள்ளிரவை எண்ணுகிறது. இரவு 12 மணிக்கு அந்த மண்ணில் இருந்தீர்களா என்பதே கேள்வி. காலையில் இறங்கி மாலையில் பறந்துவிட்டால் பொதுவாக அது நாளே அல்ல.

இந்தியாவில் ஒரு பகுதி இருந்தாலும் முழு நாளாகக் கொள்வதுதான் பாதுகாப்பு. வந்த நாளை விட்டுவிடலாம் என்று சொன்ன தீர்ப்பாய உத்தரவுகள் உண்டு. ஆனால் 181க்கும் 182க்கும் நடுவில் நின்றுகொண்டு அந்த உத்தரவை நீட்டி வாதாடுவது, தேர் வருகிற தெருவில் கோலம் போடுகிற வேலை. இரண்டு நாளையும் சேர்த்தே எண்ணுங்கள்.

இதில் கவனிக்க ஒன்று. நள்ளிரவு 1.30க்கு சென்னையில் விமானம் ஏறினால், குடியேற்ற முத்திரை விழும் தேதி எது? 11.40க்கே கவுண்டரைத் தாண்டியிருந்தால் முந்தைய தேதி, 12.10க்குத் தாண்டியிருந்தால் அடுத்த தேதி. பயணச்சீட்டில் உள்ள தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. துறை பார்ப்பது பாஸ்போர்ட்டை.

சில நாள் கூடினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு பிரிட்டனில் நடந்த ஒரு வழக்கைச் சொல்வேன். அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்த ஒரு பெண்மணி, 2015-16 வரி ஆண்டில் தமக்கிருந்த பிணைப்புகளின் கணக்குப்படி 45 இரவுக்குள் அடங்க வேண்டியவர், 50 இரவு பிரிட்டனில் இருந்துவிட்டார். அந்த ஆண்டில் அவருக்குக் கிடைத்த ஈவுத்தொகை சுமார் 80 லட்சம் பவுண்டு. குடிப்பழக்கத்தில் மூழ்கிய இரட்டைச் சகோதரியையும் அவர் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளத் தங்க நேர்ந்தது என்றார். எதிர்பாராத சூழ்நிலையால் தங்க நேர்ந்த நாட்களை, ஆண்டுக்கு 60 வரை, விலக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. முதல் தீர்ப்பாயம் ஏற்றது, மேல் தீர்ப்பாயம் மறுத்தது, 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி அவர் பக்கம் நின்றது. ஐந்து இரவுக்காக இத்தனை ஆண்டு வழக்கு.

நான் 2024 அக்டோபர் 20 அன்று சென்னையிலிருந்து லண்டனுக்கு வேலைக்குப் போனேன். 2024-25க்கு நான் எந்த நாட்டில் வசிப்பவர்?

இரண்டிலும். கணக்கைப் பாருங்கள்.

ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை 153 நாள். செப்டம்பர் 30 நாள், அக்டோபர் 20 நாள். மொத்தம் 203. வேலைக்காகக் கிளம்பிய சலுகையைச் சேர்த்தாலும் 182ஐத் தாண்டிவிட்டது. ஆகவே இந்தியாவில் வசிப்பவர். அதுவரை முழுக்க இங்கேயே இருந்ததால் "வழக்கமாக வசிப்பவர்" என்ற முழு நிலை. அந்த ஆண்டில் லண்டனில் வாங்கிய சம்பளமும் இந்தியக் கணக்கில் சேரும்.

பிரிட்டனில் அக்டோபர் 21 முதல் ஏப்ரல் 5 வரை 167 இரவு. 183 தேறவில்லை. ஆனால் முழுநேர வேலை 365 நாளுக்கு மேல் தொடர்ந்ததால் இரண்டாம் படியிலேயே வசிப்பவர். நல்ல வேளையாக, ஆண்டின் நடுவில் வேலைக்கு வருபவருக்குப் பிரிட்டன் ஆண்டை இரண்டாகப் பிரித்து, வேலை தொடங்கிய பின் வரும் பகுதிக்கு மட்டும் வசிப்பவர் வரி போடும். நீங்கள் ஊரில் வாங்கிய முதல் ஆறரை மாதச் சம்பளத்தை அது கேட்காது. இந்தியச் சட்டத்தில் இப்படி ஆண்டைப் பிரிக்கும் ஏற்பாடு இல்லை. முழு ஆண்டும் ஒரே நிலைதான். ஆக, அக்டோபர் 21 முதல் மார்ச் 31 வரை வாங்கிய பவுண்டுச் சம்பளத்தின் மீது இரண்டு நாட்டின் கையும் விழுகிறது.

செப்டம்பர் 28 அன்றே கிளம்பியிருந்தால் 181 நாள். அந்த ஆண்டு இந்தியாவில் வசிக்காதவர் ஆகியிருப்பீர்கள், மார்ச் 31க்குள் ஊருக்கு ஒரு நாள்கூட வராமல் இருந்திருந்தால். பொங்கலுக்கு ஒரு வாரம் வந்திருந்தால் அந்த நாட்களும் கூட்டப்பட்டு 182ஐத் தாண்டிவிடும்.

இரண்டு நாடும் உரிமை கொண்டாடினால் யார் தீர்ப்பது?

இந்தியாவும் பிரிட்டனும் 1993இல் கையெழுத்திட்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு. வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்டு, எந்தக் கேள்வியில் விடை கிடைக்கிறதோ அங்கேயே நிற்கும்.

முதல் கேள்வி: நிலையான வீடு எந்த நாட்டில்? சொந்தமா வாடகையா என்பது பொருட்டல்ல. நினைத்த நேரத்தில் போய்த் தங்கும்படி, நிலையாக உங்களுக்காக வைக்கப்பட்டிருக்கிறதா என்பதே பொருள். நீங்கள் லண்டனில் ஒரு வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்த அடுக்ககம் நிலையான வீடுதான். சென்னையில் உள்ள சொந்த அடுக்ககத்தை உறவு அல்லாத ஒருவருக்கு வாடகைக்கு விட்டுச் சாவியும் கொடுத்துவிட்டால், அது உங்கள் பெயரில் இருந்தாலும் உங்களுக்கான வீடு அல்ல. விடை லண்டன், விஷயம் முடிந்தது. நிறுவனம் கொடுத்த ஓட்டல் அறையில் சில வாரம் தங்கியிருந்த காலத்துக்கு அந்த விடை கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மனைவியும் மகளும் சென்னை வீட்டிலேயே இருக்கிறார்கள், மகளுக்கு மார்ச்சில் பொதுத் தேர்வு என்றால் வீடு இரண்டு நாட்டிலும் இருக்கிறது. அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்: தனிப்பட்ட, பொருளாதார உறவுகள் எந்த நாட்டோடு நெருக்கம்? ஒப்பந்தத்தின் மொழியில் இது முக்கிய நலன்களின் மையம். குடும்பம் எங்கே, வேலை எங்கே, சேமிப்பை எங்கிருந்து நிர்வகிக்கிறீர்கள், எந்த ஊர்ச் சங்கத்தில் உறுப்பினர் என்பதெல்லாம் சேர்த்துப் பார்க்கப்படும். பழைய ஊரில் வீட்டையும் குடும்பத்தையும் உடைமைகளையும் அப்படியே வைத்துவிட்டு இன்னோர் ஊரில் இரண்டாவது வீடு அமைத்தவருக்கு, மையம் பழைய ஊரிலேயே இருக்கிறது என்று சொல்ல அதுவே ஒரு சான்று என்பது, வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. எழுதிய மாதிரி ஒப்பந்த விளக்கவுரையின் கருத்து. எனவே இந்த நிலையில் இந்தியாவின் பக்கம் சாயவே வாய்ப்பு அதிகம்.

அதிலும் தெளியாவிட்டால் வழக்கமாக எங்கே தங்குகிறார் என்று பார்ப்பார்கள், பிறகு குடியுரிமை, அதற்கும் பிறகு இரு நாட்டு அதிகாரிகளின் பேச்சுவார்த்தை. என் அனுபவத்தில் பெரும்பாலானவை வீட்டிலும் குடும்பத்திலுமே முடிந்துவிடுகின்றன.

எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன, இரட்டை வரிதான் கிடையாதே? பணத்தில் என்ன வேறுபாடு?

நிறைய. மேலே சொன்னவருக்கே எண் போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் வாங்கிய சம்பளம் 12 லட்சம் ரூபாய். மார்ச் வரை லண்டனில் வாங்கியது 24,000 பவுண்டு. பவுண்டுக்கு 105 ரூபாய் என்று கொண்டால் 25.2 லட்சம். 2024-25க்கான புதிய வரி முறை.

பிரிட்டன் முதல் 12,570 பவுண்டுக்கு வரி போடாது. மீதி 11,430க்கு 20 சதவீதம், அதாவது 2,286 பவுண்டு, சுமார் 2.4 லட்சம் ரூபாய். இது எப்படியும் கட்ட வேண்டியது.

அக்டோபர் 21க்குப் பிந்தைய காலத்துக்கு முடிவு பிரிட்டன் என்று வந்தால், அங்கே செய்த வேலைக்கான சம்பளத்தை ஒப்பந்தப்படி பிரிட்டன் மட்டுமே கேட்கலாம். ஆண்டின் ஒரு பகுதிக்கு மட்டும் இப்படிப் பார்ப்பதற்கு அதே ஓ.இ.சி.டி. விளக்கவுரை இடம் தருகிறது. இந்தியாவில் 12 லட்சத்துக்கு மட்டும் வரி. நிலைக் கழிவு 75,000 போக, மேல்வரி சேர்த்து 71,500 ரூபாய்.

முடிவு இந்தியா என்று வந்தால், 37.2 லட்சத்துக்கும் இந்தியா வரி போடும். நிலைக் கழிவு போக வரி 8,14,840 ரூபாய். பிரிட்டனில் கட்டிய 2.4 லட்சத்தைக் கழித்துக்கொள்ள விடும். மீதி சுமார் 5.75 லட்சம் இந்தியாவுக்கு. இரண்டுக்கும் இடையே 5 லட்சம் ரூபாய். மனைவியும் மகளும் ஐந்து மாதம் முன்னால் கிளம்பினார்களா, பின்னால் கிளம்பினார்களா என்பதன் விலை இது. இரட்டை வரி தவிர்ப்பு என்றால் குறைந்த வரியோடு விட்டுவிடுவார்கள் என்று பொருள் அல்ல. கட்டிய வரியைக் கழித்துத் தரும் முறையில், இரண்டில் அதிகமானது எதுவோ அந்த அளவு கட்ட நேரும்.

ஒப்பந்தப்படி பிரிட்டன் என்று முடிவானால், இந்தியாவில் என்.ஆர்.ஐ. என்று கணக்கு தாக்கல் செய்யலாமா?

கூடாது. ஒப்பந்தம் உங்கள் இந்திய வசிப்பு நிலையை மாற்றுவதில்லை. 6ஆம் பிரிவுப்படி நீங்கள் வசிப்பவரே. அந்தச் சம்பளத்தின் மீது வரி போடும் உரிமையை மட்டும் ஒப்பந்தம் இந்தியாவிடமிருந்து எடுத்துவிடுகிறது. எனவே படிவத்தில் வசிப்பவர் என்று குறித்து, ஒப்பந்த விலக்கைத் தனியாகக் கோர வேண்டும். அதிகாரி முதலில் கேட்பது பிரிட்டன் வருவாய்த் துறை தரும் வசிப்புச் சான்றிதழ். அது கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

இதைவிட அதிகம் தவறவிடப்படுவது வெளிநாட்டுச் சொத்து அட்டவணை. வழக்கமாக வசிப்பவர் என்ற நிலையில் இருப்பவர், லண்டனில் சம்பளம் விழுவதற்குத் திறந்த வங்கிக் கணக்கையும் அதில் காட்ட வேண்டும். அந்த அட்டவணை காலண்டர் ஆண்டைப் பின்பற்றுவது. 2024-25க்கான படிவத்தில் 2024 டிசம்பர் 31 நிலவரம் கேட்கும். "வரியே இல்லையே, எதற்குக் காட்ட வேண்டும்" என்று விட்டவர்களுக்குத்தான் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் நோட்டீஸ் வருகிறது. அதன் அபராதம் 10 லட்சம் ரூபாய். வங்கி இருப்பு போன்ற அசையும் சொத்துகள் மொத்தம் 20 லட்சத்துக்கு உட்பட்டால் அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் முதல் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனாலும் காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

பிரிட்டனில் பிடித்த வரியை இந்தியாவில் கழிக்க என்ன செய்ய வேண்டும்?

2024-25க்குப் படிவம் 67. வருமானம், கட்டிய வரி, ஒப்பந்தப் பிரிவு எல்லாம் எழுதி, வரி கட்டிய சான்றை இணைத்து இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளச் சீட்டில் வரிக்குப் பக்கத்தில் தேசியக் காப்பீடு என்று இன்னொரு பிடித்தம் இருக்கும். அது ஒப்பந்தத்தில் வரும் வரி அல்ல. அதையும் சேர்த்துக் கழித்தால் திருப்பி அனுப்புவார்கள்.

துபாயில் இருக்கிறேன். அங்கே வருமான வரியே இல்லை. இந்தியா என்னைப் பிடிக்குமா?

பாஸ்போர்ட்டுக்கு வேலை உண்டு என்று முதலில் சொன்னேனே, அது இங்கேதான். வெளிநாட்டு வருமானம் நீங்கலாக ஆண்டு வருமானம் 15 லட்சத்தைத் தாண்டிய இந்தியக் குடிமகன், வேறு எந்த நாட்டிலும் வசிப்பின் பேரில் வரிக்கு உட்படாதவர் என்றால், ஒரு நாள்கூட இங்கே இல்லாவிட்டாலும் இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படுவார். ஆனால் எப்போதும் ஆர்.என்.ஓ.ஆர். வகையில்தான். துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் வெளிநாட்டு லாபம் இருந்தால்தான் கவலை. சென்னையில் நாலு கடை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் 15 லட்ச எல்லையை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வங்கி என்னை என்.ஆர்.ஐ. என்று ஏற்று, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டு வைக்கும் என்.ஆர்.இ. கணக்கு திறந்து கொடுத்துவிட்டது. அப்படியானால் வரித் துறைக்கும் நான் என்.ஆர்.ஐ.தானே?

வங்கி பார்ப்பது அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவை. அதில் நோக்கமே முக்கியம். வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். அக்டோபர் 20இல் கிளம்பியவர் அக்டோபர் 21இல் ஃபெமாவுக்கு வெளியாள், வருமான வரிக்கு மார்ச் 31 வரை உள்ளாள். இரண்டும் ஒரே நேரத்தில் சரி.

என்.ஆர்.இ. வட்டிக்கு உள்ள வரி விலக்கு ஃபெமா நிலையைப் பார்த்துத் தரப்படுவது என்பதால், அந்த வட்டிக்குப் பாதகமில்லை. ஆனால் கிளம்பிய பின்னும் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது ஃபெமாப்படி தவறு. அதை, வெளிநாட்டில் வசிப்பவரின் உள்ளூர் வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தேதியில் நாட்டை விட்டுக் கிளம்பினீர்கள், எதற்காகக் கிளம்பினீர்கள் என்பதற்கு, நாலு வருடம் கழித்து அதிகாரி கேட்கும்போது, பழைய பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடி காட்டக்கூடியது அதுதான்.